சார்ட்டில் மைனஸ், எடையில் அசைவில்லை: ஐ-ஓ சார்ட் பிழை நீக்கும் வழிமுறை

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் சாலையின் இந்தப் பக்கம், ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியின் மெடிக்கல் வார்டில் 11 வருடம் டியூட்டி பார்த்தேன். படுக்கைகளில் பாதி தமிழ் பேசும், பாதி மலையாளம் பேசும். இரண்டையும் கலந்து பேசும் எஸ்டேட் குடும்பங்களும் உண்டு. நோயாளியோடு இருப்பவரை நாங்கள் அட்டெண்டர் என்போம். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் பைஸ்டாண்டர் என்பார்கள். பெயர் எதுவானாலும், நோயாளிக்கு உள்ளே போகும் திரவத்தையும் வெளியேறும் திரவத்தையும் எழுதும் ஐ-ஓ சார்ட்டின் பாதிக் கணக்கு அவர் கையில்தான் இருக்கிறது.

சார்ட்டை எப்படி நிரப்புவது என்று நர்ஸிங் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். நிரப்பிய சார்ட் நோயாளியோடு ஒத்துப்போகாதபோது எங்கே தேடுவது என்பதை நான் வார்டில்தான் கற்றேன். அதைத்தான் இங்கே அறிகுறிவாரியாக எழுதுகிறேன்.

அறிகுறி 1: சார்ட் மைனஸ் காட்டுகிறது, எடை குறையவில்லை

அடிக்கடி வருவதும் ஆபத்து அதிகம் உள்ளதும் இதுதான். ஒரு கேஸை வைத்தே சொல்கிறேன்.

அறுபதைத் தாண்டிய ஒரு எஸ்டேட் தொழிலாளி. இருதயம் பலவீனம், முழங்கால் வரை வீக்கம், இரவில் மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடிதான் தூக்கம். சிறுநீரைப் பேக்கில் இறக்கும் கதீட்டர் குழாய் போட்டிருந்தது. சிறுநீரைக் கூட்டும் ஃப்யூரோசிமைடு ஊசி, நாங்கள் லாசிக்ஸ் என்போம், 40 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளை. நாள் ஒன்றுக்கு உள்ளே போகும் திரவம் எல்லாம் சேர்த்து 1500 மில்லிக்கு மேல் கூடாது என்று ஆர்டர்.

சேர்ந்த அன்று காலை எடை 64.2 கிலோ. முதல் நாள் சார்ட்டில் இன்டேக் 1350, அவுட்புட் 2100, அதாவது மைனஸ் 750. இரண்டாம் நாள் இன்டேக் 1280, அவுட்புட் 2250, மைனஸ் 970. இரண்டு நாளில் 1720 மில்லி வெளியேறிவிட்டதாகக் கணக்கு சொல்கிறது. மூன்றாம் நாள் காலை எடை 64.1. கால் வீக்கமும் அப்படியே இருந்தது. மருந்து போதவில்லை போலிருக்கிறது, 80 ஆக்கிவிடலாமா என்று டாக்டர் ரவுண்ட்ஸில் யோசித்தார்.

இங்கே ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஓரிரு நாளில் சதையோ கொழுப்போ கிலோ கணக்கில் மாறாது. மாறினால் அது தண்ணீர்தான். அது போக, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஒரு நாளில் சுமார் 500 முதல் 800 மில்லி போகிறது. இது சார்ட்டில் ஏறாது. சோறு, காய்கறியில் இருக்கும் நீரும், உடல் தானே உண்டாக்கும் நீரும் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடும். காய்ச்சல் இல்லாதவருக்கு மீதி நஷ்டம் 300, 400 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். இது தோராயம்தான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் இதிலிருந்து ஒன்று தெளிவு: சார்ட் சரியாக இருந்தால் எடை அந்தக் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாகவே குறைய வேண்டும்.

இவருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது 100 கிராம். எடை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இறங்கினால், ஒன்று இன்டேக்கில் ஏதோ விடுபட்டிருக்கிறது, அல்லது அவுட்புட்டில் ஏதோ கூடுதலாக ஏறியிருக்கிறது. எடை சரி என்றால் வேறு வழியில்லை. எடை எந்தப் பக்கம் விலகுகிறது என்பதைப் பார்த்தாலே எந்தக் கட்டத்தில் தேடுவது என்று தெரிந்துவிடும்.

தேடும்போது சீக்கிரம் முடிவதை முதலில் பார்க்க வேண்டும்.

முதலில் எடை மெஷின். ஐந்து நிமிட வேலை. ஒரு காலி வாளியை வைத்து எடை பாருங்கள். ஜக்கில் அளந்து ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஐந்து கிலோ கூடினால் மெஷினில் கோளாறு இல்லை. பிறகு எடை எடுத்த விதம். மூன்று நாளும் ஒரே மெஷினா, காலையில் பேக்கைக் காலி செய்துவிட்டு சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்ததா, ஒரே மாதிரி உடுப்பா என்று கேளுங்கள். ஒருநாள் வார்டு மெஷின், மறுநாள் ஓ.பி. மெஷின் என்று மாறினாலே ஒரு கிலோ வித்தியாசம் வந்துவிடும். குளிருக்குப் போர்த்திய கம்பளியோடு ஏற்றிவிட்டு, ஒரே இரவில் ஒன்றரைக் கிலோ கூடிவிட்டது என்று டாக்டரை எழுப்பிய கதையும் எங்கள் வார்டில் உண்டு. எழுப்பியது நான்தான். இந்தக் கேஸில் மெஷினும் சரி, எடுத்த விதமும் சரி.

அடுத்தது அவுட்புட். கதீட்டர் போட்டவருக்கு அது வருகிற வழி ஒன்றே ஒன்று, அதனால் பிழை சீக்கிரம் அகப்படும். முந்தைய நாள் டியூட்டி பார்த்த இருவரையும் கேட்டேன். மாலை டியூட்டி முடியும்போது பேக்கில் இருந்த அளவைப் பார்த்து 350 என்று எழுதியிருக்கிறார்கள், பேக்கைக் காலி செய்யவில்லை. காலை ஆறு மணிக்கு நைட் டியூட்டி சிஸ்டர் பேக் முழுவதையும் காலி செய்து அளந்து எழுதியிருக்கிறார். அந்த 350 இரண்டு முறை ஏறிவிட்டது. முதல் நாளும் இதே பழக்கம்தான். இரண்டு பேரும் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார்கள். ஆனாலும் கூட்டுத்தொகை பொய்.

அதோடு பேக்கில் அச்சடித்த கோடுகள் தோராயமானவை. பை தொங்கும்போது உப்பும், சாயும். கோட்டைப் பார்த்துப் படிப்பது ஒரு பார்வைக்குத்தான், கணக்குக்கு ஆகாது. ஜக்கில் இறக்கி, ஜக்கைச் சமதளத்தில் வைத்து, கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் அளவு மாறித் தெரியும். ஜக்கு ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனி. அன்று முதல், பேக்கைக் காலி செய்தவர் மட்டுமே அளவை எழுதலாம் என்று வார்டில் வைத்துக்கொண்டோம்.

கடைசியாக இன்டேக். நேரம் அதிகம் பிடிப்பது இதுதான், ஏனென்றால் உட்கார்ந்து பேச வேண்டும். அவர் மனைவியிடம் கேட்டேன்.

“அம்மா, ஐயா நேத்து ராத்திரி என்னென்ன குடிச்சாங்க?”

“வெள்ளம் ஒண்ணும் கூடுதலா கொடுக்கல சிஸ்டர். நீங்க சொன்ன கணக்குதான்.”

“கஞ்சி?”

“கஞ்சி சாப்பாடுல்லா?”

அகப்பட்டது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். எங்கள் சிஸ்டர்கள் வெள்ளம் எவ்வளவு குடித்தார் என்றுதான் கேட்டிருக்கிறார்கள், அந்த அம்மாவும் தண்ணீருக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறார். கஞ்சி அவருக்குச் சோற்றுக் கணக்கு. கட்டன் சாயா சாயாக் கணக்கு. மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீர் மருந்துக் கணக்கு. கேள்வி தப்பாக இருக்கும்போது அந்த அம்மாவைக் குறை சொல்லி என்ன செய்ய?

ஒவ்வொன்றாக அளந்தோம். அவர் குடிக்கும் கிண்ணத்தில் கஞ்சியை ஒருமுறை வடிகட்டிப் பார்த்ததில் 250 மில்லி நீர். காலையும் இரவும் சேர்த்து 500. கட்டன் இரண்டு டம்ளர், 120 வீதம் 240. மாத்திரைக்கு மூன்று வேளை, வேளைக்கு 60 மில்லி வீதம் 180. இன்னொன்று நாங்களே விட்டது: ஊசி போட்ட பிறகு, கை நரம்பில் மருந்து ஏற்றப் போட்ட வென்ஃப்ளானில் செலுத்தும் சலைன் 10 மில்லி, நான்கு முறை, 40. மொத்தம் 960.

இப்போது இரண்டாம் நாளைத் திருத்திப் பாருங்கள். இன்டேக் 1280 அல்ல, 2240. அவுட்புட் 2250 அல்ல, 1900. மைனஸ் 970 என்று இருந்தது உண்மையில் பிளஸ் 340. அதிலிருந்து தோலிலும் மூச்சிலும் போனதில் மீதி முன்னூற்றுச் சொச்சத்தைக் கழித்தால் ஏறக்குறைய பூஜ்யம். எடை நகராததற்குக் காரணம் அதுதான். மருந்து வேலை செய்துகொண்டுதான் இருந்தது. சிறுநீர் 1900 போனது குறைவில்லையே. போன அளவுக்கு உள்ளேயும் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

டாக்டர் டோஸைக் கூட்டவில்லை. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்து, குடிக்கும் தண்ணீர், மாத்திரைத் தண்ணீர், கட்டன் போடும் தண்ணீர் எல்லாம் இதிலிருந்துதான் என்று சொன்னோம். மீதி 500 கஞ்சிக்கும் ஊசிக்கும். இரவில் ஒரு வேளை கஞ்சிக்குப் பதில் இட்லி. அவர் டம்ளரில் எவ்வளவு பிடிக்கும் என்று அளந்து, பிளாஸ்டர் ஒட்டி 120 என்று எழுதி வைத்தோம். இந்தப் பக்கம் வீட்டிலிருந்து வரும் ஸ்டீல் டம்ளர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஒரு டம்ளர் என்றால் 200 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது வார்டுகளின் பழைய வியாதி.

மூன்றாம் நாள் இன்டேக் 1460, அவுட்புட் 2150, மைனஸ் 690. மறுநாள் காலை எடை 63.2. நான்காம் நாள் 1420, 2300, மைனஸ் 880. அதற்கு மறுநாள் காலை எடை 62.1. சார்ட்டும் எடையும் ஒரே பக்கம் நடக்கின்றன, எடை சற்று முன்னால் போகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். அன்றிரவு அவர் ஒரு தலையணையில் தூங்கினார்.

இளநீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பார்க்க வருகிறவர்கள் கையில் கட்டாயம் இருக்கும். அந்தப் பக்கத்தில் கரிக்கு என்பார்கள். ஒரு காயில் 300, 400 மில்லி சாதாரணமாக இருக்கும், அளக்காமல் எழுத முடியாது. அதில் பொட்டாசியமும் அதிகம். பொட்டாசியத்தை உடலில் தேக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எடுப்பவருக்கும் கிட்னி பழுதானவருக்கும் அளவைத் தாண்டி அதுவே தனிப் பிரச்சினை ஆகலாம். கொடுக்கும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அறிகுறி 2: சார்ட் சமமாக இருக்கிறது, எடை மளமளவென்று இறங்குகிறது

இப்போது திசை எதிர்ப்பக்கம். அவுட்புட்டில் ஏதோ விடுபடுகிறது. கதீட்டர் இல்லாதவர்களிடம்தான் பெரும்பாலும் நடக்கும். பாத்ரூம் போய்விட்டு வந்திருப்பார், கணக்கில் ஏறியிருக்காது. பேதியை நான்கு முறை என்று எழுதியிருப்பார்கள், எவ்வளவு என்று இருக்காது. பெட்பேனில் பிடித்து அளந்தால்தான் அது எண் ஆகும். டயப்பர் போட்டவருக்கு ஈர டயப்பரின் எடையிலிருந்து உலர்ந்ததன் எடையைக் கழியுங்கள். ஒரு கிராமை ஒரு மில்லி என்று எழுதலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் இடைவெளி இருந்தால் காய்ச்சல் சார்ட்டைப் பாருங்கள். காய்ச்சலும் வியர்வையும் வேக மூச்சும் கண்ணுக்குத் தெரியாத நஷ்டத்தைக் கூட்டிவிடும். அதற்கு எண் போட முடியாவிட்டாலும், நைட்டி இரண்டு முறை நனைந்து மாற்றியது என்று ஒரு வரி குறித்து வையுங்கள். எடையைப் பார்க்கும் டாக்டருக்கு அந்த வரி போதும்.

இதே அவுட்புட் கணக்கில், விடுபடாமல் இரண்டு முறை ஏறும்படி, எல்லைப்பகுதிப் பேச்சு ஒருமுறை காலை வாரியது. “மூத்ரம் ஒழிச்சு சிஸ்டரே” என்றார் ஒரு பைஸ்டாண்டர். சிறுநீர் கழித்தார் என்பது அதன் பொருள். பாத்திரத்தை ஒழித்துப் போடுவது என்றால் நம் வீடுகளில் காலி செய்வது. யூரினலைக் கொட்டிவிட்டார்கள் என்று புரிந்துகொண்ட சிஸ்டர், சுமாராக 300 என்று போட்டுவிட்டார். அரை மணி கழித்து இன்னொருவர் போய் கட்டிலுக்கு அடியில் இருந்த யூரினலை அளந்து 280 என்று எழுதினார். வாயால் சொன்னதை எழுதாமல், பாத்திரத்தைக் கண்ணால் பார்த்தபின் எழுதினால் இந்தச் சிக்கல் வராது.

அறிகுறி 3: சிறுநீர் திடீரென்று நின்றுவிட்டது

கதீட்டர் போட்டவருக்கு மணிக்கு 60, 70 என்று வந்துகொண்டிருந்தது, அடுத்த மணி பூஜ்யம். இப்படித் திடுக்கென்று நின்றால் முதலில் குழாயைச் சந்தேகியுங்கள். கிட்னியின் தகராறு பெரும்பாலும் 60, 45, 30, 20 என்று படிப்படியாகத்தான் இறங்கும். மணிக்கு மணி எழுதி வைத்த சார்ட் இருந்தால் இந்த வித்தியாசம் ஒரு பார்வையில் தெரியும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கூட்டி எழுதினால் தெரியாது.

உடம்பிலிருந்து தொடங்கிப் பேக் வரை விரலால் குழாயைத் தடவிக்கொண்டே வாருங்கள். தொடைக்கு அடியில் மடங்கியிருக்கலாம். சாம்பிள் எடுத்தபோது போட்ட கிளாம்பைத் திறக்க மறந்திருக்கலாம். குழாய் கீழே தொங்கி வளையமாகி அதில் சிறுநீர் தேங்கி நிற்கலாம். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தபோது பேக்கைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்திருக்கலாம். அப்புறம் அடிவயிற்றை மெல்லத் தொட்டுப் பாருங்கள். பந்து மாதிரி உப்பி, தொட்டால் நோயாளி முகம் சுளித்தால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறது, வழிதான் அடைத்திருக்கிறது. ரத்தக்கட்டி அடைப்பதும் உண்டு. கழுவிவிடலாமா, மாற்றலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

வயிறு மென்மையாக இருந்து, குழாயும் சரியாக இருந்து, வருகிற கொஞ்சமும் அடர்மஞ்சளாக இருந்தால் அது நோயாளியின் பிரச்சினை. பெரியவர்களுக்கு எடைக்கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்பது கீழ் எல்லை. 60 கிலோ ஆளுக்கு 30 மில்லி. தொடர்ந்து இரண்டு மணி நேரம் அதற்குக் கீழே போனால் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எடுத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். 24 மணி நேரக் கூட்டல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மணிக்கணக்கில் 50, 50, 50, 50 என்று வரிசையாக நின்றால் அந்தச் சார்ட்டை நான் நம்ப மாட்டேன். எந்தக் கிட்னியும் அப்படி வேலை செய்யாது. காலை ஐந்தரைக்கு மொத்தத்தை அளந்து, மணிக்கணக்கில் வகுத்துப் போட்டிருப்பார்கள். நைட் டியூட்டியில் 30 பேருக்கு இரண்டு சிஸ்டர் என்றால் அப்படித்தான் ஆகும், அது எனக்கும் தெரியும். வகுப்பதற்குப் பதில் மொத்தத்தை ஒரே கட்டத்தில் எழுதி “இரவு முழுவதும்” என்று போட்டுவிடுங்கள். இல்லாத தகவலை இருப்பதாக டாக்டர் நினைக்க மாட்டார்.

அறிகுறி 4: சார்ட் பிளஸ், எடையும் கூடுகிறது, ஆனால் நோயாளி வறண்டு இருக்கிறார்

இதில் சார்ட்டும் சரி, மெஷினும் சரி. தண்ணீர் உடலுக்குள்தான் இருக்கிறது, ரத்தக்குழாய்க்குள் இல்லை. சாரல் காலம் தொடங்கியதும் வரும் டெங்கு கேஸ்களில் இதைப் பார்க்கலாம்.

காய்ச்சல் விடும் தறுவாயில், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், சிலருக்கு நுண்குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். பிளாஸ்மா நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் போகும். டிரிப் ஏற ஏற இன்டேக் கூடும், சிறுநீர் குறையும், பேலன்ஸ் பிளஸ் ஆகும், எடையும் ஏறும். அதிகமாக ஏற்றிவிட்டோம், டிரிப்பை நிறுத்தலாம் என்று சார்ட்டை மட்டும் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆளைப் பாருங்கள். நாக்கு காய்ந்திருக்கிறது, கை கால் சில்லிட்டிருக்கிறது, நாடி வேகம். ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் நெருங்குகின்றன. 100க்கு 80 என்று வந்தால் வித்தியாசம் 20தான், அது அபாயம். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமட்டோக்ரிட் ஏறியிருக்கும். டிரிப்பின் வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பது டாக்டர் முடிவு. பிளஸ் கணக்கோடு இந்த ஐந்தையும் சேர்த்துச் சொல்வது நம் வேலை.

இந்தக் கசிவு பொதுவாக 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அது நின்றதும் வெளியே போன திரவம் ரத்தத்துக்குத் திரும்ப ஆரம்பிக்கும். சார்ட்டில் அந்தத் திருப்பம் நன்றாகத் தெரியும்: மணிக்கு 25, 30 என்று வந்துகொண்டிருந்த சிறுநீர் 80, 120 என்று பெருகும். நாடி நிதானமாகும், பசி எடுக்கும். நேற்று எழுதிய டிரிப் ஆர்டர் அதே வேகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இப்போதுதான் நுரையீரலில் நீர் கோக்கும். இரவு இரண்டு மணிக்கு அந்தப் பெருக்கத்தைப் பார்த்தால் காலை ரவுண்ட்ஸ் வரை வைத்திருக்காமல், மூச்சு எண்ணிக்கையையும் ஆக்ஸிஜன் அளவையும் எடுத்துக்கொண்டு அப்போதே டியூட்டி டாக்டருக்குப் போன் செய்து, டிரிப்பைக் குறைக்கலாமா என்று கேளுங்கள்.